பள்ளிகொண்டா லிங்க்கைத் தொட்டால் '404' வருவது ஏன்? தமிழ் முகவரிகள் உடையும் நான்கு இடங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வருகிறது. பள்ளிகொண்டா பற்றிய பக்கம். ஆம்பூரில் இருக்கும் ஒருவர் தொடுகிறார். 'பக்கம் கிடைக்கவில்லை, 404' என்று வருகிறது. "மாமா, லிங்க் ஓபன் ஆவல" என்று குரூப்பில் போடுகிறார். "எனக்கு ஓபன் ஆவுதே" என்று பதில் வருகிறது. இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

இப்படி நடக்கும்போது பெரும்பாலும் நெட்வொர்க்கைத் திட்டுவோம், இல்லையென்றால் பக்கத்தை நீக்கிவிட்டார்கள் என்று நினைப்போம். ஆனால் 404 என்ற எண்ணுக்கு ஒரு தெளிவான அர்த்தம் உண்டு. சர்வர் உயிரோடு இருக்கிறது, உங்கள் கோரிக்கையை வாங்கிக்கொண்டது, 'நீங்கள் சொன்ன பெயரில் என்னிடம் எதுவும் இல்லை' என்று பதில் சொல்கிறது. நெட் இல்லையென்றால் இந்தப் பதில்கூட வராது.

அப்படியானால் கேள்வி ஒன்றுதான். அனுப்பியவர் சொன்ன பெயரும் சர்வர் கேட்ட பெயரும் ஒன்றா? தமிழ் எழுத்து உள்ள லிங்க்குகளில் இந்த இரண்டும் வழியில் மாறிவிட வாய்ப்பு அதிகம். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருக்கும் பள்ளிகொண்டாவின் பெயரையே எடுத்துக்கொண்டால், எங்கெங்கே மாறுகிறது என்பதை எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடலாம்.

6 எழுத்து எப்படி 99 ஆகிறது?

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் முகவரி அதன் தமிழ்த் தலைப்பிலேயே இருக்கும். பள்ளிகொண்டாவுக்கு அது இப்படி:

```
https://ta.wikipedia.org/wiki/பள்ளிகொண்டா
```

பிரவுசரின் முகவரிப் பட்டையில் இப்படித்தான் அழகாகத் தெரியும். ஆனால் அதை முழுசாக காப்பி செய்து வேறு இடத்தில் பேஸ்ட் செய்தால் பெரும்பாலான பிரவுசர்களில் இப்படி வரும்:

```
https://ta.wikipedia.org/wiki/%E0%AE%AA%E0%AE%B3%E0%AF%8D%E0%AE%B3%E0%AE%BF%E0%AE%95%E0%AF%8A%E0%AE%A3%E0%AF%8D%E0%AE%9F%E0%AE%BE
```

இது வைரஸ் இல்லை, ஏமாற்று லிங்க்கும் இல்லை. அதே பெயர்தான். இணைய முகவரிக்குள் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டுமே நேரடியாகப் போக முடியும். மற்ற எதுவாக இருந்தாலும் அதை பைட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு % போட்டு அனுப்ப வேண்டும். இதற்குப் பெயர் பர்சென்ட் என்கோடிங்.

பள்ளிகொண்டா என்பதில் நாம் எண்ணும் எழுத்து ஆறு: ப, ள், ளி, கொ, ண், டா. கம்ப்யூட்டர் எண்ணுவது வேறு மாதிரி. அதற்கு ள் என்பது ள-வும் புள்ளியும்; ளி என்பது ள-வும் கொக்கியும்; கொ என்பது க-வும் ஒகரக் குறியும். இப்படிப் பிரித்தால் 11 குறியீடுகள். யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ஆக 33 பைட். ஒவ்வொரு பைட்டும் % சேர்த்து மூன்று எழுத்து. மொத்தம் 99 எழுத்து.

இதில் ஒரு எளிய அடையாளம் உண்டு. தமிழ்க் குறியீடுகள் எல்லாமே %E0%AE அல்லது %E0%AF என்றுதான் தொடங்கும். லிங்க்கில் இந்த இரண்டும் மாறி மாறி வந்தால் உள்ளே இருப்பது தமிழ். இந்தி என்றால் %E0%A4, %E0%A5 என்று வரும்.

சிக்கலின் வேர்: விதியில் இருந்த ஓர் இடைவெளி

இணைய முகவரி எப்படி இருக்க வேண்டும் என்று 1994 டிசம்பரில் ஆர்எஃப்சி 1738 என்ற விதித்தொகுப்பு வெளியானது. பைட்டை % போட்டு எழுதலாம் என்று அது சொன்னது. ஆனால் அந்த பைட் எந்த மொழியின் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று சொல்லவில்லை.

ஒரு பைட்டுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. எந்தப் பட்டியலை வைத்துப் படிக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் எழுத்து. அடுத்து வந்த வருஷங்களில் தமிழுக்கே டிஸ்கி, டாப், டாம் என்று பல பட்டியல்கள் புழங்கின. ஒரே பைட் ஒரு பட்டியலில் ஒரு எழுத்து, இன்னொன்றில் வேறு எழுத்து. ஐரோப்பிய மொழிகளுக்கு லத்தீன்-1 என்ற பட்டியல். 256 இடம் மட்டுமே உள்ள அதில் தமிழுக்கு இடமே இல்லை.

பத்து வருஷம் கழித்து, 2005 ஜனவரியில் ஆர்எஃப்சி 3986 வந்தது. புதிதாக வருகிறவை எழுத்தை யூடிஎஃப்-8 பைட்டாக மாற்றி, பிறகு % போட வேண்டும் என்றது. அதே மாதம் வந்த ஆர்எஃப்சி 3987, முகவரியில் தமிழ் போன்ற எழுத்துகளையே நேரடியாக எழுதிக்காட்டவும், அனுப்பும்போது யூடிஎஃப்-8 வழியாக மாற்றவும் வழி செய்தது. இன்று பிரவுசர்கள் முகவரியின் பெயர்ப் பகுதியை இப்படித்தான் மாற்றுகின்றன.

ஆனால் ஒரு லிங்க் பிரவுசர் வழியாக மட்டும் போவதில்லை. மெசேஜ் ஆப், செய்தித் தளத்தின் பதிவு மென்பொருள், நடுவில் இருக்கும் கேஷ் சர்வர், கடைசியில் பக்கத்தை வைத்திருக்கும் சர்வர் என்று பல கை மாறுகிறது. ஒரு கை மாற்றுவதும் அடுத்த கை படிப்பதும் பொருந்தவில்லை என்றால் அங்கேதான் 404. பெரும்பாலும் நான்கு வகையாக இது நடக்கிறது.

ஒன்று: மாற்றியதையே மறுபடியும் மாற்றுவது

அதிகம் நடப்பது இதுதான். தமிழை ஒரு முறை % வடிவத்துக்கு மாற்றினால் போதும். ஆனால் ஏற்கெனவே மாற்றிய முகவரி என்று தெரியாமல் இன்னொரு மென்பொருள் திரும்பவும் மாற்றுகிறது. இப்போது % என்ற குறியே ஒரு 'மாற்ற வேண்டிய எழுத்து' ஆகிவிடும். %-ன் குறியீடு %25. ப என்ற ஓர் எழுத்துக்கு நடப்பதைப் பாருங்கள்:

```
encodeURIComponent("ப")
→ %E0%AE%AA

encodeURIComponent("%E0%AE%AA")
→ %25E0%25AE%25AA
```

பள்ளிகொண்டாவில் 33 % குறிகள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து கூடி, 99 எழுத்து 165 ஆகிறது. சர்வர் விதிப்படி ஒரே ஒரு முறை பிரிக்கும். பிரித்தால் அதன் கையில் இருப்பது 'பள்ளிகொண்டா' இல்லை. '%E0%AE%AA' என்று தொடங்கும் 99 ஆங்கில எழுத்துக் கோவை. அந்தப் பெயரில் எந்தப் பக்கமும் கிடையாது. விக்கிப்பீடியா மாதிரியான தளம் தலைப்பில் இப்படி % எண்கள் வந்தால் 'தவறான தலைப்பு' என்று ஒதுக்கிவிடும். மற்ற தளங்களில் 404.

'அப்படின்னா சர்வர் ரெண்டு முறை பிரிச்சுப் பார்த்தா என்ன?' என்று தோன்றும். அது ஆபத்தானது. 2001-ல் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் இப்படித் தேவையில்லாமல் இரண்டாவது முறை பிரிக்கும் கோளாறு இருந்தது. தடை செய்யப்பட்ட முகவரியை இரண்டு முறை மாற்றி அனுப்பினால், முதல் முறை பிரித்ததோடு பாதுகாப்புச் சோதனை முடிந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டாவது முறை பிரியும்போது உள்ளே நுழைந்துவிடலாம். அந்த மே மாதம் அதற்குத் திருத்தம் வந்தது. திருத்தம் போடாத சர்வர்களில் செப்டம்பரில் பரவிய நிம்டா வைரஸ் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. அதனால் ஒரு முறை மட்டும் பிரிப்பதுதான் சரி. தவறை அனுப்பும் பக்கத்தில்தான் திருத்த வேண்டும்.

அடையாளம்: லிங்க்கில் %25E0%25AE என்று வந்தால் இரண்டு முறை மாறியிருக்கிறது.

இரண்டு: வேறு பட்டியலை வைத்துப் படிப்பது

இங்கே லிங்க் சரியாகவே போய்ச் சேருகிறது. சர்வரும் ஒரு முறைதான் பிரிக்கிறது. ஆனால் கையில் கிடைத்த பைட்டுகளை யூடிஎஃப்-8 என்று படிக்காமல் லத்தீன்-1 என்று படிக்கிறது. மூன்று பைட் சேர்ந்து ஒரு தமிழ்க் குறியீடு என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ப, ள என்ற இரண்டு எழுத்து இப்படி ஆகும்:

```
à®ªà®³
```

பழைய மெயில்களிலும் தளங்களிலும் இந்தக் குப்பையைப் பலரும் பார்த்திருப்பார்கள். 'ஃபான்ட் இல்ல போல' என்று விட்டிருப்போம். ஃபான்ட் காரணமில்லை, படித்த பட்டியல் தவறு.

ஜாவாவில் எழுதப்பட்ட தளங்களை நடத்தப் பரவலாகப் பயன்படும் டாம்கேட் மென்பொருளில், 7-ம் பதிப்பு வரை முகவரியைப் படிக்கும் இயல்பு அமைப்பு லத்தீன்-1தான். தளத்தை அமைப்பவர் தானாகப் போய் யூடிஎஃப்-8 என்று மாற்றினால் உண்டு. 8-ம் பதிப்பில்தான் இயல்பே யூடிஎஃப்-8 ஆனது. ஆங்கிலம் மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தக் கோளாறு வெளியே தெரியவே தெரியாது. ஏனென்றால் ஆங்கில எழுத்துகளுக்கு லத்தீன்-1 பட்டியலிலும் யூடிஎஃப்-8-லும் ஒரே பைட்தான். vellore என்று தேடினால் எல்லாம் சரியாக இருக்கும். வேலூர் என்று தேடினால் 'முடிவுகள் இல்லை'.

இந்தக் குப்பையை வைத்தே தளம் அடுத்த பக்கத்துக்கு லிங்க் உருவாக்கினால் இன்னும் மோசம். 33 குப்பை எழுத்தும் ஒவ்வொன்றும் 2 பைட்டாக மாறி, முகவரி 198 எழுத்தாக நீளும். அதில் ப என்ற எழுத்து இப்படி இருக்கும்:

```
%C3%A0%C2%AE%C2%AA
```

அடையாளம்: பக்கத்தில் à® என்று தெரிந்தாலோ, லிங்க்கில் %C3%A0%C2%AE என்று வந்தாலோ, பட்டியல் மாறிவிட்டது.

மூன்று: கண்ணுக்கு ஒரே 'கொ', கம்ப்யூட்டருக்கு இரண்டு

முந்தைய இரண்டையும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். இது அப்படியில்லை. லிங்க் சரியாக இருக்கும், தமிழ் சரியாகத் தெரியும், ஆனாலும் திறக்காது. பள்ளிகொண்டா என்ற பெயரிலேயே இந்தக் கண்ணி இருக்கிறது.

கொ என்று எழுத யூனிகோடில் இரண்டு வழி உண்டு. க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாக எழுதுவது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒரே கொ. பைட்டில் வேறு:

```
க + ொ      → %E0%AE%95%E0%AF%8A
க + ெ + ா  → %E0%AE%95%E0%AF%86%E0%AE%BE
```

முதல் வழியில் பள்ளிகொண்டா 99 எழுத்து. இரண்டாவது வழியில் ஒரு குறியீடு கூடுவதால் 108 எழுத்து. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதி சொல்கிறது. ஆனால் அந்த விதியைப் படிக்காமல் பைட்டுக்கு பைட் ஒப்பிடும் மென்பொருளுக்கு இவை வேறு வேறு பெயர்கள்.

துண்டு வடிவம் எங்கிருந்து வருகிறது? பழைய ஃபான்ட்டில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது சில நேரம் கொம்பும் காலும் தனித்தனியாகவே வந்துவிடும். இன்னொரு வழி ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர். அதன் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் சேமிக்கும்.

ஒரு உதாரணம். பள்ளிகொண்டா பற்றிய அறிவிப்பு ஒன்றைப் பழைய மேக்கில் தயாரித்து 'பள்ளிகொண்டா.pdf' என்று சேமிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே லினக்ஸ் சர்வரில் ஏற்றுகிறார்கள். கோப்பின் பெயர் துண்டு வடிவத்தில் இருக்கிறது. இன்னொருவர் தன் கம்ப்யூட்டரில் 'பள்ளிகொண்டா.pdf' என்று கீபோர்டில் அடித்து லிங்க் கொடுக்கிறார். அது சேர்ந்த வடிவம். லினக்ஸ் கோப்பு முறை வழக்கமாக பைட்டைத்தான் ஒப்பிடும். கோப்பு அங்கேயே இருக்கிறது, பெயரும் கண்ணுக்கு அதேதான், பதில் 404. அதே சர்வரில் 'ஆம்பூர்.pdf' சிக்கலில்லாமல் திறக்கும். ஏனென்றால் ஆம்பூர் என்பதில் ஒ, ஓ, ஔ வரிசை எழுத்து இல்லை. 'ஒரு ஊருக்கு வருது, இன்னொரு ஊருக்கு வரல' என்று குழம்பினால், அந்தப் பெயர்களில் கொ, கோ, கௌ மாதிரி எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு மருந்து இருக்கிறது. பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பைத்தான் மொழியில் அது ஒரே வரி:

```
unicodedata.normalize("NFC", title)
```

விக்கிப்பீடியாவின் மென்பொருள் வரும் எழுத்தையெல்லாம் இப்படி மாற்றிவிட்டுத்தான் தேடுகிறது. அதனால் துண்டு வடிவத்தில் பள்ளிகொண்டா என்று அனுப்பினாலும் அதே கட்டுரைக்குப் போய்ச் சேரும். ஆனால் இந்த மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. சிலர் கௌ என்பதை 'கெ' அடித்து அருகில் 'ள' போட்டு எழுதிவிடுகிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அது எழுத்துப்பிழை. என்எஃப்சி அதைத் திருத்தாது.

நான்கு: இடம் போதாமல் வெட்டுப்படுவது

உலகம் முழுக்கச் செய்தித் தளங்களும் வலைப்பதிவுகளும் அதிகம் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள், பக்கத்தின் பெயரை % வடிவத்திலேயே சேமிக்கிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்து. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு?

'பள்ளிகொண்டா பாலாறு வெள்ளம்' என்று மூன்றே சொல்லில் ஒரு தலைப்பு. பள்ளிகொண்டா 99. பாலாறு 54. வெள்ளம் 63. நடுவில் இரண்டு இணைப்புக்கோடு. மொத்தம் 218. இடம் 200 என்பதால் கடைசி இரண்டு குறியீடுகளான ம-வும் புள்ளியும் விழுந்துவிடும். முகவரி இப்படி நிற்கும்:

```
பள்ளிகொண்டா-பாலாறு-வெள்ள
```

இதே தலைப்பை pallikonda-palar-flood என்று எழுதினால் 22 எழுத்துதான். கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம்.

வெட்டுப்பட்ட பெயரோடு அந்தத் தளத்துக்குள் பக்கம் திறக்கும். வெளியிலிருந்து யாராவது முழுத் தலைப்பையும் வைத்து முகவரியை உருவாக்கினால்தான் சிக்கல். பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்கு மாறும்போது பட்டியலைத் தலைப்பிலிருந்தே உருவாக்கினாலும் இதே கதை: அங்கே 'வெள்ளம்' என்று இருக்கும், இங்கே 'வெள்ள' என்று இருக்கும்.

வேர்ட்பிரஸ் % எண்களைச் சின்ன எழுத்தில், அதாவது %e0%ae என்று சேமிக்கிறது. பிரவுசர் பெரிய எழுத்தில் %E0%AE என்று அனுப்பும். இரண்டும் ஒன்றே என்று ஆர்எஃப்சி 3986 சொல்கிறது. ஆனால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் விதியை, பிரித்துப் பார்க்காமல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்படி எழுதியிருந்தால், அது பொருந்தாமல் போய் 404 வரும்.

வெட்டு மெசேஜ் வழியிலும் விழும். நீளமான லிங்க் இரண்டு வரியாக உடைந்தால் சில ஆப்களில் முதல் வரி மட்டும் நீல நிறத்தில் லிங்க் ஆகும். தமிழிலேயே உள்ள லிங்க் என்றால், எழுத்து எது குறி எது என்று தெரியாத ஆப் முதல் புள்ளியிலேயே நின்றுவிடலாம். பள்ளிகொண்டா என்பதில் 'பள' வரைக்கும் நீலம், மீதி கறுப்பு என்று தெரிந்தால் அதுதான் காரணம்.

அடையாளம்: நீலம் பாதியில் நின்றாலோ, லிங்க் %E0%AE என்று அரைகுறையாக முடிந்தாலோ வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று % வேண்டும். கடைசியில் இரண்டுதான் இருந்தால் ஒன்று காணோம்.

தேடல் பெட்டியில் மட்டும் வரும் ஒரு குழப்பம்

முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதிக்குப் பழக்கம் கொஞ்சம் வேறு. தேடல் பெட்டியில் 'பள்ளிகொண்டா பாலாறு' என்று அடித்தால் நடுவில் உள்ள இடைவெளி + ஆக மாறிப் போவது வழக்கம். ஆனால் கேள்விக்குறிக்கு முன்னால் + என்றால் அது வெறும் கூட்டல் குறிதான். அங்கே இடைவெளிக்கு %20.

தேடல் முகவரியை எடுத்துப் பக்கத்தின் முகவரியாக அப்படியே மாற்றும் தளத்தில் 'பள்ளிகொண்டா+பாலாறு' என்று கூட்டல் குறியோடு ஒரு பெயர் உருவாகும். அப்படி ஒரு பக்கம் இல்லை. தேடியது ஒற்றைச் சொல்லாக இருந்தால் திறக்கும். இரண்டு சொல் என்றால் திறக்காது. இந்த வித்தியாசத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

லிங்க் திறக்கவில்லை என்றால் நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் லிங்க்கை அழுத்திப் பிடித்து காப்பி செய்து, நோட்ஸ் ஆப்பில் பேஸ்ட் செய்து பாருங்கள். %25E0 என்று இருந்தால் %25 வரும் இடமெல்லாம் வெறும் % ஆக மாற்றினால் போதும், பெரும்பாலும் திறந்துவிடும். பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் மெசேஜ் முழுவதையும் காப்பி செய்து, மீதி வரியை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள்.

à® என்றோ %C3%A0 என்றோ இருந்தால் கையால் திருத்துவது வீண் வேலை. தளத்தின் முகப்புக்குப் போய்ப் பெயரை நேரடியாகத் தேடுவது சுலபம். பார்க்க எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், தமிழ்ப் பகுதியை அழித்துவிட்டு உங்கள் போன் கீபோர்டில் நீங்களே ஒரு முறை அடித்துப் பாருங்கள். மூன்றாவது வகை என்றால் சில நேரம் அதிலேயே திறந்துவிடும்.

தளத்துக்குப் புகார் சொல்வதாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்ப வேண்டாம். படத்தில் இரண்டு கொ-வும் ஒன்றுதான். லிங்க்கை எழுத்தாகவே அனுப்புங்கள். அதில்தான் தடயம் இருக்கிறது.

அடுத்தவருக்கு அனுப்பும்போதும் ஒரு வழி உண்டு. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரை என்றால் 2019 ஏப்ரலில் விக்கிமீடியா தொடங்கிய w.wiki குறு முகவரியாக மாற்றி அனுப்பலாம். அதில் % வராது என்பதால் வழியில் உடைய எதுவும் இல்லை. ஆனால் உள்ளே எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் தெரியாது.

தளம் நடத்துபவர்கள்?

செய்ய வேண்டியது மூன்று. முகவரியை ஒரே இடத்தில், ஒரே ஒரு முறை மாற்றுவது; படிக்கும்போதும் ஒரே முறை, யூடிஎஃப்-8 என்று மட்டும் படிப்பது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவருவது. மாற்று வடிவத்தில் யாராவது வந்தால் 404 காட்டாமல் சரியான முகவரிக்குத் திருப்பிவிடுவது.

சோதிப்பதற்கும் ஆங்கிலச் சொல் உதவாது. பள்ளிகொண்டா என்ற ஒரு பெயரை வைத்துப் பார்த்தால் போதும். அதில் புள்ளி இருக்கிறது, கொக்கி இருக்கிறது, ஒகரம் இருக்கிறது. சர்வர் பதிவேட்டில் 404 வந்த வரிகளை எடுத்து %25E0, %C3%A0 என்று தேடினால் எத்தனை வாசகர்கள் பாதி வழியில் திரும்பிப் போனார்கள் என்பது தெரியும்.

முகவரியை ஆங்கிலத்திலேயே வைத்துவிட்டால் என்ன?

பல தமிழ்ச் செய்தித் தளங்கள் செய்வது அதைத்தான். செய்தி தமிழில், முகவரி ஆங்கிலத்தில். 218 எழுத்து 22 ஆகும். மேலே சொன்ன நான்கு வகைத் தவறும் பெரும்பாலும் நடக்காது. அவசரச் செய்தி ஆயிரம் குரூப்பில் சுற்றும்போது அது உடையாமல் போய்ச் சேர்வது முக்கியம் என்ற கணக்கு அது. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. பள்ளிகொண்டாவை pallikonda என்று எழுதலாம், pallikondaa என்றும் எழுதலாம். வேலூரை velur என்று எழுதினால் நாமக்கல் மாவட்டத்து வேலூருக்கும் போகலாம். ஆங்கிலத்தில் ஒரு ஊருக்குப் பல எழுத்துக்கூட்டு, தமிழில் ஒன்றுதான். ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவர் தொடுவதற்கு முன்னால் லிங்க் எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ள, முகவரியில் இருக்கும் தமிழ்தான் ஒரே வழி.

அந்தத் தமிழ் உடையாமல் போக முடியும் என்பதற்கு விக்கிப்பீடியாவின் பள்ளிகொண்டா முகவரியே சாட்சி. அதே 33 பைட்டைக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மாதிரி படிக்கிறார்கள், அவ்வளவுதான். குரூப்பில் 'எனக்கு ஓபன் ஆவுதே' என்றவரும் 'ஓபன் ஆவல' என்றவரும் ஒரே பெயரைத்தான் கேட்டார்கள். நடுவில் இருந்த ஏதோ ஒரு மென்பொருள்தான் அதை இரண்டு பெயராக்கியது.